ஒற்றைக் கால் வீக்கம்: பாம்பன் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் பாசி எடுக்கும் பெண். வயது 52. பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறைக்கும் பவளக்கல்லுக்கும் இடையே முங்கிப் பாசி பறித்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இந்த வேலையில் கையும் காலும் கிழிபடாத வாரம் கிடையாது. அதனால்தான் இடது கால் வீங்கியபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. "பழைய கல்லு உள்ளுக்குள்ள இருந்து சலம் வைக்குது போல" என்று அவரே சொல்லிக்கொண்டார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் குடும்ப விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

ஆனால் அவர் ஐந்து மாதமாகக் கடலில் இறங்கவே இல்லை. வயிறு உப்பி, சோறு இறங்காமல் போய், பரிசோதித்ததில் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. மூன்றாம் கட்டம். வயிற்றில் நீர் கோத்திருந்தது. மதுரையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை கீமோ, பிறகு அறுவை என்பது திட்டம். போகவர பஸ்தான். ஒரு வழிக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம், காலைத் தொங்கப்போட்டபடி.

இரண்டாவது கீமோ முடிந்த ஆறாம் நாள் கால் கனக்க ஆரம்பித்தது. மறுநாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். கல் குத்திய தழும்பைப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக்கும் ஒரு வலி ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் நாத்தனார் தினமும் எண்ணெய் தடவி, தொடையிலிருந்து கணுக்கால் வரை காலை வழித்துவிட்டிருக்கிறார். பதினோராம் நாள் மாலை, வாசலிலிருந்து அடுப்படிக்கு நடக்கும்போதே மூச்சு வாங்கியது. பன்னிரண்டாம் நாள் காலையில் மகன் அவரை என்னிடம் அழைத்து வந்தார்.

நான் பார்த்தது

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. நாடித்துடிப்பு 118. மூச்சு நிமிடத்துக்கு 28. ரத்த அழுத்தம் 110/70. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 89 என்று காட்டியது.

சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொல்லி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதை எல்லாரும் செய்யவேண்டும். வீங்கிய காலை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. முழங்காலுக்குக் கீழே முட்டு எலும்பு துருத்தும் இடத்திலிருந்து 10 செ.மீ. அளந்து அங்கே டேப்பைச் சுற்றினேன். இடது 38 செ.மீ., வலது 33. மூன்று செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்படவேண்டும் என்பது கணக்கு. இங்கே ஐந்து. வீக்கம் கெண்டைக்காலோடு நிற்காமல் தொடை முழுக்க ஏறி, இடுப்பு மடிப்பு வரை இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தொடையின் உட்பக்கம் தொட்டால் வலித்தது.

தொற்றுக்கான அடையாளம் எதுவுமே இல்லை. காய்ச்சல் இல்லை. தோல் நெருப்பாய்ச் சிவந்து எல்லை கட்டி நிற்கவில்லை. கொஞ்சம் மங்கலான நீலம் கலந்த நிறம். கல் குத்திய தழும்பு உள்ளங்காலில் எப்போதோ ஆறிப்போய், தோல் மூடி, வலியில்லாமல் இருந்தது. உள்ளங்காலில் ஆறிய புண்ணுக்கு இடுப்பு மடிப்பு வரை கால் வீங்காது. அந்தத் தழும்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஐந்து நாள் வீணாகியிருக்காது என்றே நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நாம் அடுத்த காரணத்தைத் தேடுவதில்லை.

புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக ஒரு கால் மட்டும் வீங்கினால், ஸ்கேன் பார்த்து இல்லை என்று தெரியும் வரை அது ஆழ்சிரையில் ரத்த உறைவுதான் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கவேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் அந்த உறைந்த ரத்தக் கட்டியில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்று எண்ணவேண்டும். எண்ணெய் போட்டு வழித்ததால்தான் போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, வழிக்காவிட்டாலும் போகும். ஆனால் புதிய கட்டி சிரைச் சுவரில் இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. அந்தச் சமயத்தில் காலை அழுத்தி வழிப்பது வேண்டாத வேலை. நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அன்போடு செய்தது, அவர்மேல் குற்றம் இல்லை.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை நான் செய்யவில்லை. உறைவு இல்லை என்று நிரூபிக்கத்தான் அது உதவும். புற்றுநோய் இருந்தாலே அந்த எண் பெரும்பாலும் கூடித்தான் இருக்கும். கூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, பணமும் நேரமும்தான் போகும்.

அளவைச் சரிபார்த்து எனாக்ஸபாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசியை 60 மி.கி. வயிற்றுத் தோலுக்கடியில் போட்டேன். எடை 58 கிலோ; கிலோவுக்கு 1 மி.கி. என்பது முழு அளவு. ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சந்தேகம் பலமாக இருந்து, ரத்தம் கசியும் அபாயம் தெரியவில்லை என்றால், முதலில் ஊசி, அப்புறம் ஸ்கேன். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் கட்டி சும்மா இருக்காது. ஆக்சிஜன் மாட்டி 108-இல் ஏற்றி அனுப்பினேன்.

ஸ்கேனில்

காலின் அல்ட்ராசவுண்டை நான் கூடவே நின்று பார்த்தேன். படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும். தொடை மடிப்பில் கருவியை வைத்ததும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஒன்று தமனி, ஒன்று சிரை. கருவியை லேசாக அழுத்தினால் நல்ல சிரை, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி தட்டையாகி மறைந்துவிடும். இவருக்கு எவ்வளவு அழுத்தியும் வட்டம் வட்டமாகவே நின்றது. உள்ளே கட்டி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அடிவயிற்றுச் சிரையை இப்படி அழுத்திப் பார்க்க முடியாது. அங்கே ரத்த ஓட்டத்தின் அலையைப் பார்க்கவேண்டும். மூச்சோடு ஏறி இறங்கவேண்டிய அலை இவருக்கு ஒரே கோடாக ஓடியது. கட்டி மேலே இடுப்புச் சிரை வரை போயிருந்தது.

பிறகு சாயம் ஏற்றி நுரையீரல் தமனிகளின் சி.டி. எடுத்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8, அதனால் சாயம் ஏற்றத் தடையில்லை. வலது நுரையீரலின் கீழ்மடல் தமனியில் ஒரு கட்டி, இடப்பக்கம் சிறிய கிளைகளில் சில. இதயத்தின் வலது கீழறை விரியவில்லை. இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் சாதாரணம். இது முக்கியம். ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே விழுந்து, இதயம் திணறியிருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பற்றி யோசித்திருப்போம். அந்த மருந்துக்கு ரத்தக்கசிவு அபாயம் அதிகம். அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு அது தேவையில்லை. இவருக்கு உறைவுத் தடுப்பு மருந்து போதும். அந்த மருந்து இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கிறது, அவ்வளவுதான். கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்ளும்.

ஏன் இவருக்கு வந்தது

மகன் கேட்ட முதல் கேள்வி இது. "புற்றுநோய் வயித்துல, கட்டி காலுல எப்படி டாக்டரம்மா?"

பல புற்றுநோய்ச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் திசுக் காரணி என்ற புரதத்தை வைத்திருக்கின்றன. காயம் பட்டால் மட்டும் வெளிவந்து ரத்தத்தை உறையவைக்க வேண்டிய பொருள் அது. செல்களிலிருந்து உதிரும் நுண்ணிய குமிழிகளும் அதைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றும். ஆக, காயமே இல்லாமல் உடம்பு முழுக்க "காயம் பட்டிருக்கிறது" என்ற செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. இதனால் ரத்தம் எப்போதும் உறைவதற்கு ஒரு அடி முன்னாலேயே நிற்கும். புற்றுநோய் இல்லாதவரைவிட இவர்களுக்கு நான்கு முதல் ஏழு மடங்கு வரை அபாயம் என்று சொல்கிறார்கள். கணையம், இரைப்பை ஆகியவற்றில் அதிகம். சினைப்பை, நுரையீரல், நிணநீர்ப் புற்றுநோய்களிலும் கூடுதல்.

அதன்மேல் இடம் வந்து சேர்ந்தது. வயிற்றுக்குள் இருந்த புற்றுக்கட்டியும் நீரும் இடுப்புச் சிரையை அழுத்தின. இடது கால் ஏன் என்றால், வலது இடுப்புத் தமனி இடது இடுப்புச் சிரையின் மேலே குறுக்கே போகிறது. இயல்பிலேயே அங்கே ஒரு நெரிசல் உண்டு. அப்புறம் கீமோ ரத்தக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கியது, வாந்தியும் வெயிலும் உடம்பின் நீரை இழுத்தன. நான்கு மணி நேரப் பஸ் கெண்டைக்கால் தசையை அசையவிடவில்லை. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கலாமா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவரின் ஃபைலை மறுபடி திறந்து, கீமோவுக்கு முந்தைய நாள் எடுத்த ரத்த அறிக்கையைப் பார்த்தேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 4,10,000. ஹீமோகுளோபின் 9.4. 2008-இல் அலோக் கொரானா என்ற புற்றுநோய் மருத்துவர் வெளியிட்ட ஒரு எளிய மதிப்பெண் முறை உண்டு. புற்றுநோயின் இடம், தட்டணு 3,50,000 அல்லது அதற்கு மேல், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், வெள்ளணு 11,000-க்கு மேல், உடல் பருமன் என்று ஐந்தைப் பார்த்துக் கூட்டவேண்டும். இவருக்கு சினைப்பைக்கு ஒன்று, தட்டணுவுக்கு ஒன்று, ஹீமோகுளோபினுக்கு ஒன்று. மொத்தம் மூன்று. மூன்று என்றால் உயர் அபாயம். இரண்டிலிருந்தே தடுப்பு மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படி இரண்டும் அதற்கு மேலும் மதிப்பெண் உள்ளவர்களுக்குக் கீமோ தொடங்கும்போதே அபிக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையை 2.5 மி.கி. தினம் இருமுறை கொடுத்தார்கள். உறைவு 10.2 சதவீதத்திலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு 1.8-லிருந்து 3.5 ஆகக் கூடியது. எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்றல்ல, கசிவு அபாயம் குறைந்தவரைத் தேர்ந்து கொடுக்கவேண்டும்.

அந்த மூன்று எண்களும் எல்லோர் கண்ணிலும் இருந்தன. முதல் கீமோவுக்குப் பிறகு வாந்திக்காக இவர் என்னிடம் வந்தபோது அதே அறிக்கையை நானும் புரட்டியிருக்கிறேன். கூட்டிப் பார்க்கவில்லை. இப்போது கீமோ தொடங்கும் எவரின் ஃபைல் வந்தாலும் முதல் பக்கத்தில் பென்சிலால் அந்த மதிப்பெண்ணை எழுதிவிடுகிறேன்.

மருந்தும் மருந்தைத் தவறாமல் போடுவதும்

முன்பெல்லாம் உறைவு என்றால் வார்ஃபரின் மாத்திரை. புற்றுநோயாளிகளுக்கு அது சரிப்பட்டு வருவதில்லை. சாப்பாடு குறைந்தாலும் வாந்தி எடுத்தாலும் கீமோ போட்டாலும் அதன் அளவு ஆடும். 2003-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுபடி உறைவு வந்தது வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம். டால்டிபாரின் ஊசி போட்டவர்களில் 9 சதவீதம். அதன்பிறகு ஊசிதான் வழக்கமாக இருந்தது. 2020-இல் அபிக்ஸபான் மாத்திரையை அந்த ஊசியோடு ஒப்பிட்டார்கள்: மறுஉறைவு மாத்திரையில் 5.6 சதவீதம், ஊசியில் 7.9; பெரிய கசிவு மாத்திரையில் 3.8, ஊசியில் 4.0. மாத்திரை எந்த வகையிலும் குறைவில்லை.

சரி, இவருக்கு எது? வயிறு உப்பி, வாந்தி நிற்காதவரின் வயிற்றில் மாத்திரை தங்குமா என்ற சந்தேகம் இருந்தது. வயிற்று நீரை எடுக்கவேண்டியும் வரலாம். ஊசியை ஒரு வேளை நிறுத்துவது எளிது. அதனால் முதல் பத்து நாள் எனாக்ஸபாரின் 60 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐந்தாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் 96 இருந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊசியை வீட்டில் போட மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டு, தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கவேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியே தள்ளக்கூடாது. போட்டபின் தேய்க்கக்கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார். மறுநாள் மகன் ஃபோன் செய்தார்: "ஊசிய மீன் ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன், கெட்டுப்போகாதுல்ல?" உடனே எடுக்கச் சொன்னேன். உறைந்துபோன ஊசியைப் போடக்கூடாது. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் டப்பாவில் வைத்தால் போதும். இந்தக் கரையில் குளிரவைப்பது என்றால் ஐஸ் பெட்டிதான் நினைவுக்கு வரும். முதல் நாளே நான் சொல்லியிருக்கவேண்டியது.

பதினோராம் நாள் வாந்தி அடங்கியிருந்தது. அபிக்ஸபானுக்கு மாற்றினோம். ஊசி இல்லாமல் நேரடியாகத் தொடங்கினால் முதல் ஏழு நாள் 10 மி.கி. இருமுறை, பிறகு 5 மி.கி. இருமுறை. இவர் பத்து நாள் முழு அளவு ஊசி போட்டுவிட்டதால் நேராக 5 மி.கி.யில் தொடங்கினோம். இவருக்குக் குடலில் புண்ணோ புற்றுக்கட்டியோ இல்லை. இரைப்பையிலோ குடலிலோ புற்றுக்கட்டி இருந்து, அதை இன்னும் அறுத்தெடுக்காமல் இருந்தால் மாத்திரை வகையில் உள்கசிவு கூடலாம். அங்கே ஊசியே பாதுகாப்பு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் அபிக்ஸபானின் வேலையைக் குறைத்துவிடும், அதையும் கேட்டுக்கொண்டோம். "உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீங்க அக்கா, பாராசிட்டமால் மட்டும்" என்று மூன்று தடவை சொன்னேன். கடல் வேலை செய்பவர்கள் வீட்டில் அந்த வலி மாத்திரை எப்போதும் இருக்கும். இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

காலுக்கு அழுத்தக் காலுறை கேட்டார்கள். அது வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. போட்டால் இதமாக இருந்தால் போடலாம். நடப்பதற்குப் பயப்படவேண்டாம் என்றும் சொன்னேன். மருந்து தொடங்கியபின் படுத்தே கிடக்கத் தேவையில்லை.

தட்டணு விழுந்த வாரம்

மூன்றாவது கீமோவை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் தட்டணு 42,000. கார்போபிளாட்டின் இப்படித்தான் தட்டணுவைக் கீழே இழுக்கும். இங்கேதான் புற்றுநோயாளியின் உறைவு மற்றவர்களின் உறைவிலிருந்து வேறுபடுகிறது. ரத்தம் உறையவும் துடிக்கிறது, கசியவும் தயாராக இருக்கிறது, ஒரே உடம்பில்.

நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: 50,000-க்கு மேல் முழு அளவு. 25,000-க்கும் 50,000-க்கும் இடையில், உறைவு வந்து ஒரு மாதம் ஆகாவிட்டால் தட்டணு ஏற்றியாவது முழு அளவைத் தொடரப் பார்ப்போம்; ஒரு மாதம் தாண்டியிருந்தால் அளவைக் குறைப்போம். 25,000-க்குக் கீழே நிறுத்திவைப்போம். இவருக்கு உறைவு கண்டுபிடித்து அன்றோடு 31 நாள். அபிக்ஸபானை நிறுத்தி எனாக்ஸபாரின் 40 மி.கி. தினம் ஒருமுறை. இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். ஆறாம் நாள் 78,000 வந்தது, மறுபடி மாத்திரைக்குத் திரும்பினோம். இந்த ஆறு நாளில் நான் பயந்தது கசிவுக்கு அல்ல. யாராவது "ரத்தம் குறைஞ்சிருக்கு, எல்லாத்தையும் நிறுத்து" என்று சொல்லி, அப்புறம் தொடங்க மறந்துவிடுவார்களோ என்றுதான். நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்கும் தேதியை நிறுத்தும் அன்றே சீட்டில் எழுதவேண்டும்.

அறுவை

மூன்று கீமோவுக்குப் பின் அறுவை என்ற திட்டத்தை மதுரைக் குழு நான்காக மாற்றியது. உறைவு வந்த முதல் மாதத்தில் மருந்தை நிறுத்தி அறுத்தால் மறுபடி கட்டி வரும் அபாயம் மிக அதிகம். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. தள்ளவே முடியாதவருக்குத்தான் கீழ்ப் பெருஞ்சிரையில் வடிகட்டி வைப்பது. அது காலிலிருந்து வரும் துண்டைத் தடுக்குமே தவிர உறைவைக் குணப்படுத்தாது. தேவை முடிந்ததும் எடுத்துவிடவேண்டும். இவருக்குத் தேவைப்படவில்லை.

உறைவு கண்டு பத்தாவது வாரம் அறுவை. இரண்டு முழு நாள் முன்பே அபிக்ஸபானை நிறுத்தினார்கள், இடையில் ஊசி போடவில்லை. மறுநாள் மாலையிலிருந்து எனாக்ஸபாரின் 40 மி.கி., மூன்றாம் நாள் தையலில் கசிவில்லை என்று பார்த்தபின் முழு அளவு. வாய்வழி சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரை. திரும்பி வரும்போது பஸ் வேண்டாம், காரில் வந்து வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடங்கள் என்றேன். பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் இறங்கி நடந்ததாக மகள் சொன்னார்.

எவ்வளவு நாள் மருந்து? குறைந்தது ஆறு மாதம். புற்றுநோய் இருக்கும் வரை, சிகிச்சை நடக்கும் வரை அதற்கு மேலும். இவருக்கு ஆறாம் மாதம் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, சினைப்பைப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடும் சி.ஏ. 125 சாதாரண அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் மூன்றாம் கட்ட நோய், சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 2025-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆறு மாதம் முடிந்த புற்றுநோயாளிகளுக்கு அபிக்ஸபானை 2.5 மி.கி. இருமுறையாகக் குறைத்தாலும் உறைவு கூடுவதில்லை, கசிவு குறைகிறது என்று காட்டியது. அந்த அளவுக்கு மாற்றினோம்.

ஏழாம் மாதம் டேப்பைச் சுற்றியபோது இடது 34.5, வலது 33. மாலையில் கொஞ்சம் கனக்கிறது என்றார். சிரையின் வால்வுகள் சேதமானால் இப்படிக் கொஞ்சம் மீதி இருந்துவிடும்.

அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கடலுக்கு எப்பப் போகலாம் டாக்டரம்மா?" மருந்து எடுக்கும்வரை பவளக்கல்லுக்குள் முங்கிப் பறிக்கவேண்டாம் என்றேன். கையோ காலோ கிழிந்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. தண்ணீருக்குள் இருக்கும்போது எவ்வளவு போகிறது என்றும் தெரியாது. கரையில் உட்கார்ந்து மிதவைக் கயிற்றில் பாசி நாற்றுக் கட்டலாம், அரை மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவேண்டும். கிழிந்துவிட்டால் சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தவேண்டும்; அப்படியும் நிற்காவிட்டால், தலையில் அடிபட்டால், மலம் கறுத்துப் போனால் உடனே வரவேண்டும். அவர் விரல்களை மடக்கி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில் கயிறு கட்டும் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததாக மகள் சொன்னார்.